சப்ஜெக்ட் மட்டும் வந்திருக்கு, உள்ளே ஒன்றுமே இல்லை: இந்த மெயிலுக்கு எப்படிப் பதில் போடுவது?

மாலை ஆறே முக்கால். லேப்டாப்பை மூடப் போகும் நேரம். மேனேஜரிடமிருந்து ஒரு மெயில். சப்ஜெக்ட் லைனில் இரண்டே வார்த்தை: 'கோவை இன்வாய்ஸ்'. திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளைத் திரை. வணக்கமும் இல்லை, வாக்கியமும் இல்லை, அட்டாச்மென்ட்டும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆனவர்கள்கூட இப்படி ஒரு மெயிலைப் பார்த்திருப்பார்கள். உடனே மனதில் ஓடுவது இதுதான்: 'அனுப்பச் சொல்றாரா, அனுப்பியாச்சான்னு கேட்கிறாரா, இல்ல ஏதாவது தப்பா போச்சா?' சிலர் ஒரு யூகத்தை எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். சிலர் 'நோட்டட் சார்' என்று அடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் வெறும் கேள்விக்குறி ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

இந்த மூன்றுமே சரியான பதில் இல்லை என்பது என் கருத்து. காலி மெயிலுக்கு நல்ல பதில் என்றால் அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். எந்த அர்த்தத்தில் எடுத்தாலும் கெடுதல் வராத வேலையை முடித்திருக்க வேண்டும். திரும்பப் பெற முடியாத வேலையை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில், அது நிஜமாகவே காலியா?

காலி மெயில் என்பது தொழில்நுட்ப ரீதியாகப் பிழை கிடையாது. இணையத்தில் மெயில் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்பின் பெயர் ஆர்எஃப்சி 5322. 2008-ல் வெளியானது. அதன்படி ஒரு மெயிலில் கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டே இரண்டு: யார் அனுப்பினார் என்ற வரி, எப்போது அனுப்பினார் என்ற வரி. சப்ஜெக்ட்கூடக் கட்டாயம் இல்லை. உள்ளே எழுதும் பகுதியும் கட்டாயம் இல்லை. அதனால்தான் சர்வர் எந்தத் தடையும் சொல்லாமல் காலி மெயிலைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. சப்ஜெக்ட் இல்லாமல் அனுப்பப் போனால் அவுட்லுக் போன்ற ஆப்கள் 'அப்படியே அனுப்பவா?' என்று கேட்கும். சப்ஜெக்ட் இருந்து உள்ளே காலியாக இருந்தால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ஆனால் உங்களுக்குக் காலியாகத் தெரிகிற எல்லா மெயிலும் காலியாக அனுப்பப்பட்டதல்ல. எழுதியது வழியில் மறைந்துபோகவும் வாய்ப்பு இருக்கிறது. அடிக்கடி நடப்பவை நான்கு.

ஒன்று, போனில் சிக்னல் சரியில்லாதபோது. பல மெயில் ஆப்கள் முதலில் அனுப்பியவர் பெயரையும் சப்ஜெக்ட்டையும் இறக்கிவிட்டு, உள்ளே இருப்பதைப் பிறகு இறக்கும். நடுவில் நின்றுவிட்டால் வெள்ளைத் திரைதான். ஐபோனின் மெயில் ஆப்பில் 'This message has no content' என்று வருவது பல நேரங்களில் இப்படித்தான். ஆப்பை மூடித் திறந்தாலோ, பிரவுசரில் பார்த்தாலோ மெயில் முழுசாக வந்துவிடும்.

இரண்டு, அனுப்பியவர் விஷயத்தையே படமாக வைத்திருந்தால். விளம்பர மெயில்களும் சில அலுவலகச் சுற்றறிக்கைகளும் இப்படி வரும். வெளியிலிருந்து வரும் படங்களை உங்கள் அவுட்லுக் தடுத்து வைத்திருந்தால், படம் இருந்த இடம் வெறுமையாகத் தெரியும்.

மூன்று, 'winmail.dat' என்ற பெயரில் ஒரு ஃபைல் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தால். அவுட்லுக் தனக்கே உரிய ஒரு வடிவத்தில் மெயிலைக் கட்டி அனுப்பியிருக்கிறது, உங்கள் ஆப்புக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். இதற்கு மட்டும் 'மெயில் எனக்குத் திறக்கலை, சாதாரண டெக்ஸ்ட்டா மறுபடி அனுப்ப முடியுமா?' என்று கேட்பதுதான் சரியான பதில்.

நான்கு, ஒரே மெயிலில் இரண்டு பிரதிகள் இருப்பது. பெரும்பாலான மெயில்களில் வெறும் எழுத்தாக ஒன்று, அலங்காரத்தோடு ஒன்று என இரண்டு பிரதிகள் சேர்ந்தே வரும். அனுப்பும் மென்பொருள் முதல் பிரதியைக் காலியாக விட்டு, உங்கள் ஆப் அதையே காட்டினால், படிக்க ஒன்றும் இருக்காது.

சந்தேகம் வந்தால் பார்த்துவிடுவது சுலபம். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி `Show original` கொடுத்தால், மெயில் வந்த நிலையிலேயே தெரியும். நிஜமாகவே காலியான மெயில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
From: manager@example.com
To: accounts@example.com
Date: Thu, 12 Jun 2025 18:47:09 +0530
Subject: Coimbatore invoice
Content-Type: text/plain; charset="UTF-8"

```

மேலே இருப்பவை தலைப்பு வரிகள். உண்மையான மெயிலில் இன்னும் நிறைய வரிகள் இருக்கும். எல்லாம் முடிந்து ஒரு வெற்று வரி வரும். அதற்குக் கீழே இருப்பதுதான் எழுதிய விஷயம். இங்கே கீழே ஒன்றும் இல்லை. உங்கள் மெயிலில் அந்த வெற்று வரிக்குக் கீழே புரியாத எழுத்துகள் வரிவரியாக நீண்டு போனால், உள்ளே ஏதோ இருக்கிறது, உங்கள் ஆப் காட்டவில்லை. அவுட்லுக்கிலிருந்து வந்ததாக இருந்தால் காலி மெயிலிலும் கொஞ்சம் எச்டிஎம்எல் குறிகள் இருக்கும். அவற்றின் நடுவே படிக்கக்கூடிய வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இது ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் 'மெயில் பிளாங்கா வந்திருக்கு' என்று ஒரு கிளையன்ட்டுக்கு எழுதி, அவர் அரைப் பக்கம் எழுதியிருந்தது பிறகு தெரிந்தால், தர்மசங்கடம் உங்களுக்குத்தான்.

சப்ஜெக்ட்டே செய்தியா என்று பாருங்கள்

காலி என்று உறுதியாகிவிட்டது. அடுத்து சப்ஜெக்ட் லைனை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அது ஒரு முழு வாக்கியமா, இல்லை வெறும் பெயரா?

'நாளை மீட்டிங் 10 மணிக்கு மாறியிருக்கு' என்று இருந்தால் அதில் எல்லாமே இருக்கிறது. பள்ளியில் படித்த வினைமுற்று ஞாபகம் இருக்கிறதா? அது இருந்தால் பெரும்பாலும் செய்தி முடிந்துவிட்டது என்று அர்த்தம். 'நாளை மீட்டிங்' என்று மட்டும் இருந்தால் அது பாதியில் நிற்கிறது. நாளை மீட்டிங் இருக்கா, இல்லையா, மாறியிருக்கா? தெரியாது. தமிழில் வினை இல்லாமலும் வாக்கியம் முடியும் என்பது உண்மைதான். 'இன்று ஆபீஸ் லீவு' என்பதில் வினை இல்லை, ஆனாலும் புரிகிறது. அதனால் கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: யார் என்ன செய்ய வேண்டும் என்று இதைப் படித்ததும் எனக்குத் தெரிகிறதா?

தெரிகிறது என்றால் அந்த மெயிலில் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அது நல்ல மெயில். இப்படி சப்ஜெக்ட்டிலேயே செய்தியை முடிப்பது அலுவலக மெயில்களில் பழைய வழக்கம். வாக்கியத்தின் கடைசியில் `EOM` என்று மூன்று எழுத்து போடுவார்கள். 'செய்தி இத்துடன் முடிந்தது, திறக்க வேண்டாம்' என்று பொருள். பதில் தேவையில்லை என்றால் `NRN` என்று போடுபவர்களும் உண்டு. இதற்குப் பதிலாக 'நன்றி', 'ஓகே' என்று பத்துப் பேர் ரிப்ளை ஆல் அடித்தால், சுருக்கமாக அனுப்பியதன் பலனே போய்விடும். உங்களிடம் ஏதாவது கேட்டிருந்தால் மட்டும் ஒரு வரியில் பதில் சொல்லுங்கள்.

இந்த முறையைத் தமிழில் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் மொழியில் வினை கடைசியில் வரும். போன் திரையிலோ சப்ஜெக்ட்டின் முதல் சில வார்த்தைகள்தான் தெரியும். 'நாளை காலை கிளையன்ட் மீட்டிங்குக்கு டிசைன் டீம் வர வேண்டாம்' என்று அனுப்பினால், நோட்டிஃபிகேஷனில் 'நாளை காலை கிளையன்ட் மீட்டிங்குக்கு டிசைன்...' என்பதோடு நின்றுவிடும். 'வேண்டாம்' திரைக்கு வெளியே போய்விடும். படித்தவர் காலையிலேயே கிளம்பி வந்து நிற்பார். ஆகவே சப்ஜெக்ட் மட்டும் உள்ள தமிழ் மெயில் வந்தால், நோட்டிஃபிகேஷனை வைத்து முடிவெடுக்காமல் மெயிலைத் திறந்து சப்ஜெக்ட்டின் கடைசி வார்த்தை வரை படியுங்கள். அனுப்புபவராக இருந்தால் வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: 'வர வேண்டாம்: டிசைன் டீம், நாளை மீட்டிங்குக்கு.'

வெறும் பெயர் மட்டும் வந்தால்: ஒரு உதாரணம்

இப்போது கஷ்டமான பகுதிக்கு வருவோம். மறுபடி அந்த 'கோவை இன்வாய்ஸ்'.

கிண்டியில் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஜூனியருக்கு வியாழக்கிழமை மாலை 6:47-க்கு இந்த மெயில் வருகிறது. மேனேஜர் டிராவலில் இருக்கிறார். கோவை கிளையன்ட்டுக்கு அன்று மதியம் 3 மணிக்குத்தான் 2,36,000 ரூபாய்க்கு இன்வாய்ஸ் போட்டு, ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் பதிவெண்ணும் வாங்கியாகிவிட்டது. கிளையன்ட்டுக்கு இன்னும் அனுப்பவில்லை.

அந்த இரண்டு வார்த்தைக்குக் குறைந்தது ஐந்து அர்த்தம் சொல்லலாம். 'எனக்கு ஒரு காப்பி அனுப்பு.' 'கிளையன்ட்டுக்கு அனுப்பிடு.' 'அனுப்பியாச்சா?' 'அனுப்பாதே, அதில் தப்பு இருக்கு.' 'அவங்க பணம் போட்டாங்களா?'

இந்த ஐந்தில் எது உண்மையாக இருக்கும் என்று யோசித்து உட்காருவது வீண். மனிதர்கள் அடுத்தவர் மனதில் இருப்பதை நினைக்கிற அளவுக்குச் சரியாகக் கண்டுபிடிப்பதில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கேள்வியைக் கேளுங்கள்: என் யூகம் தப்பாக இருந்தால் என்ன ஆகும்?

மேனேஜருக்கு ஒரு காப்பி அனுப்புகிறீர்கள். அவர் அதைக் கேட்கவில்லை என்றால் என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. இன்வாய்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிறீர்கள். அது தேவைப்படவில்லை என்றாலும் நஷ்டம் இல்லை. ஆனால் கிளையன்ட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள், அவர் நினைத்ததோ 'தப்பு இருக்கு, நிறுத்து' என்றால்? தப்பான பில் கிளையன்ட் கையில். அதைத் திரும்பப் பெற முடியாது. மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பத்தான் முடியும். அதேபோல நீங்களாகவே ரத்து செய்துவிட்டு, அவர் கேட்டது வெறும் காப்பி என்றால் அதுவும் சிக்கல். ரத்தான இன்வாய்ஸ் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, புது எண்ணில் போட வேண்டும்.

இதில் ஒரு கெடுவும் ஒளிந்திருக்கிறது. போர்ட்டலில் பதிவெண் வாங்கிய இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் அங்கே ரத்து செய்ய முடியும். அதன் பிறகு தப்பைச் சரிசெய்ய கிரெடிட் நோட் போடுவது போன்ற வழிகளுக்குப் போக வேண்டும். நம் உதாரணத்தில் அந்த நேரம் வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு முடிகிறது. மேனேஜர் ஒருவேளை 'தப்பு இருக்கு' என்ற அர்த்தத்தில் அனுப்பியிருந்தால், அது அதற்கு முன் தெரிந்தாக வேண்டும். 'நாளைக்கு வந்து கேட்டுக்கலாம்' என்று விட்டு, அவர் மாலை நான்கு மணிக்கு வந்தால் கதை முடிந்தது.

ஆக, மேலே நான் சொன்ன மூன்றும் இங்கே தெளிவாகிவிட்டன. காப்பியும் நிலவரமும் எந்த அர்த்தத்திலும் கெடுதல் இல்லாதவை, இப்போதே அனுப்பலாம். கிளையன்ட்டுக்கு அனுப்புவதும் ரத்து செய்வதும் திரும்பப் பெற முடியாதவை, நிறுத்தி வைக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அனுப்பவா, நிறுத்தவா?

அந்தப் பதிலை எழுதிப் பார்ப்போம்

> சார், மெயிலில் சப்ஜெக்ட் மட்டும்தான் வந்திருக்கு.
>
> கோவை இன்வாய்ஸ் (₹2,36,000) இன்று மதியம் 3 மணிக்குப் போட்டாச்சு. காப்பி இணைச்சிருக்கேன். கிளையன்ட்டுக்கு இன்னும் அனுப்பலை.
>
> அனுப்பட்டுமா, நிறுத்தி வைக்கட்டுமா?
>
> ரத்து செய்யணும்னா நாளை மதியம் 3 மணி வரைதான் போர்ட்டலில் முடியும். அதனால் காலை 11 மணிக்கு உங்களுக்கு போன் பண்றேன். அதுவரை அனுப்பாமல் வைக்கிறேன்.

இதை ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான். ஒவ்வொரு வரியும் எதற்கு என்று பார்க்கலாம்.

முதல் வரி ஒரு தகவல், குற்றச்சாட்டு இல்லை. 'நீங்க ஒன்றுமே எழுதலை' என்று சொல்வதற்கும் 'சப்ஜெக்ட் மட்டும்தான் வந்திருக்கு' என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவது முறையில் சொன்னால், அவர் எழுதியது வழியில் காணாமல் போயிருந்தாலும் பொருந்தும், அவசரத்தில் கை தவறி அனுப்பியிருந்தாலும் பொருந்தும். இந்த வரியை விட்டுவிடலாமா? கூடாது. அவர் உள்ளே நீளமாக எழுதியிருந்தால், அது உங்களுக்கு வரவில்லை என்று அவருக்குத் தெரிவிக்க வேறு வழி இல்லை.

அடுத்த பகுதி நிலவரம். ஐந்து அர்த்தங்களில் இரண்டுக்கு, அதாவது 'காப்பி அனுப்பு', 'அனுப்பியாச்சா' என்ற இரண்டுக்கும், இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. 'பணம் வந்துச்சா' என்பதற்கும் மறைமுகமாக பதில் இருக்கிறது. இன்னும் அனுப்பவே இல்லை என்றால் பணம் எப்படி வரும்?

கேள்வி தனி வரியில் இருக்கிறது. மேனேஜர் போனில் ஒரு கையால் 'அனுப்பு' என்றோ 'நிறுத்து' என்றோ அடித்தால் போதும். 'எப்படிச் செய்யலாம் சார்?' என்று கேட்டிருந்தால், முதல் மெயிலில் எழுத நேரமில்லாதவர் இப்போது மட்டும் எப்படி எழுதுவார்? மறுபடி ஒரு காலி மெயில்தான் வரும்.

கடைசிப் பகுதி, பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறது. இங்கே பலர் செய்யும் தவறு, 'பதில் இல்லையென்றால் அனுப்பிவிடுகிறேன்' என்று எழுதுவது. அது ஆபத்து. பதில் வராதபோது நடக்க வேண்டியது, திரும்பப் பெறக்கூடிய காரியமாக இருக்க வேண்டும். ஒரு காலைப்பொழுது தாமதமாக அனுப்பினால் பெரிய நஷ்டம் இல்லை. தப்பாக அனுப்பினால் உண்டு. 11 மணி என்று போட்டதற்கும் காரணம் இருக்கிறது: மேனேஜர் எடுக்காவிட்டால் மறுபடி முயற்சிக்கவும், ரத்து செய்ய வேண்டி வந்தால் அதைச் செய்யவும் நான்கு மணி நேரம் மிச்சம் இருக்கிறது.

'நேரா போன் பண்ணிட்டா முடிஞ்சது, எதுக்கு இவ்வளவு?'

நியாயமான கேள்வி. கெடு ஒரு மணி நேரத்தில் முடிகிறது என்றால் போன்தான் சரி. ஆனால் போனில் பேசி முடித்த பிறகும் அந்த மெயிலுக்கு ஒரு வரி பதில் போட்டு வையுங்கள்: 'போனில் சொன்னபடி கிளையன்ட்டுக்கு அனுப்பிட்டேன் சார்.' ஆறு மாதம் கழித்து யாராவது இன்பாக்ஸில் தேடினால், 'கோவை இன்வாய்ஸ்' என்று ஒரு காலி மெயில் மட்டும் கிடைத்து என்ன பயன்? யார் சொல்லி அனுப்பினார்கள் என்ற கேள்வி வரும்போது, அந்த ஒரு வரிதான் ஜூனியருக்குப் பாதுகாப்பு.

இதே காரணத்துக்காகத்தான் சப்ஜெக்ட்டை மாற்றாமல், அதே மெயிலுக்கு ரிப்ளை கொடுக்கச் சொல்கிறேன். ஜிமெயிலில் ரிப்ளை செய்யும்போது சப்ஜெக்ட்டை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். கேள்வி ஓரிடம், பதில் ஓரிடம் என்று ஆகிவிடும். சப்ஜெக்ட்டின் முன்னால் தானாக வரும் `Re:` என்பதை 'ரிப்ளை' என்பதன் சுருக்கம் என்று பலர் நினைக்கிறோம். அது லத்தீனிலிருந்து வந்தது, 'இந்த விஷயம் குறித்து' என்று பொருள். காலி மெயிலுக்கு அந்தப் பொருள் சரியாகப் பொருந்துகிறது. விஷயத்தை அவர் சொல்லிவிட்டார், மீதியை உங்கள் பதில் நிரப்ப வேண்டும்.

வெறும் கேள்விக்குறி ஏன் கூடாது? அது வேலையைத் திருப்பி அவர் தலையில் போடுகிறது. அதோடு, மேலதிகாரிக்கு அனுப்பினால் திமிராகத் தெரியும், ஜூனியருக்கு அனுப்பினால் மிரட்டலாகத் தெரியும். 'நோட்டட்' இன்னும் மோசம். என்ன நோட் செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. ஆனால் அவர் 'புரிந்துவிட்டது, பார்த்துக்கொள்வார்' என்று நிம்மதியாகிவிடுவார்.

ஒரே காலி மெயில் ஐந்து பேருக்கு வந்திருந்தால் இன்னொரு பிரச்சினை. ஒவ்வொருவரும் அது மற்றவருக்கு என்று நினைப்பார்கள். `To` வரியில் உங்கள் பெயர் இருந்து, விஷயம் உங்கள் வேலையோடு தொடர்புடையது என்றால், 'இதை நான் பார்க்கிறேன்' என்று எல்லாருக்கும் ஒரு வரி போடுங்கள். `CC`-யில் மட்டும் இருந்தால் கொஞ்ச நேரம் காத்திருக்கலாம்.

அனுப்பியவர் யாரென்றே தெரியவில்லையா? பதிலே வேண்டாம்

இதுவரை சொன்னது எல்லாம் தெரிந்தவர் அனுப்பிய மெயிலுக்கு. தெரியாத முகவரியிலிருந்து 'Hi' என்றோ 'Urgent' என்றோ சப்ஜெக்ட் மட்டும் வந்தால் கணக்கே வேறு.

ஸ்பேம் அனுப்புபவர்கள் கையில் ஆயிரக்கணக்கான முகவரிகள் இருக்கும். அதில் எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்கக் காலி மெயில் அனுப்புவார்கள். இல்லாத முகவரி என்றால் '550' என்ற எண்ணோடு சர்வர் மெயிலைத் திருப்பிவிடும். திரும்பி வராவிட்டால் முகவரி இருக்கிறது என்று தெரிந்துவிடும். நீங்கள் 'யார் நீங்க?' என்று பதில் போட்டால், இங்கே ஒரு மனிதர் உட்கார்ந்து மெயில் படிக்கிறார், பதிலும் போடுகிறார் என்பது உறுதியாகிவிடும். உள்ளே லிங்க்கும் இல்லை, வார்த்தையும் இல்லை என்பதால் ஸ்பேம் ஃபில்டருக்குப் பிடித்துக்கொள்ளவும் அதிகம் இருப்பதில்லை.

இதைவிட ஆபத்தானது, உங்கள் மேலதிகாரி பெயரிலேயே வருவது. போன் திரையில் பெயர் மட்டும்தான் தெரியும், முகவரி தெரியாது. பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முதலில் காலியாகவோ ஒரு வரியாகவோ தூண்டில் வரும். நீங்கள் பதில் போட்டதும்தான், 'மீட்டிங்கில் இருக்கேன், அவசரமாக ஒரு பேமென்ட் போகணும்' என்று அடுத்தது வரும். அதனால் நம் உதாரணத்தில் அந்த ஜூனியர் இன்வாய்ஸ் காப்பியை இணைப்பதற்கு முன், பெயரைத் தட்டி முழு முகவரியையும் பார்த்திருக்க வேண்டும். `@`-க்குப் பிறகு இருப்பது அலுவலக டொமைன்தானா, ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்க்கப் பத்து வினாடிதான். ரிப்ளை அழுத்திய பிறகும் `To` இடத்தில் அதே முகவரிதான் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சில மெயில்களில் ரிப்ளை வேறு முகவரிக்குப் போகும்படி வைத்திருப்பார்கள்.

சந்தேகம் இருந்தால் மெயிலில் கேட்காதீர்கள், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு போன் செய்து கேளுங்கள். பணம் ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணிலோ `cybercrime.gov.in` தளத்திலோ புகார் செய்யுங்கள்.

அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

காலி மெயில் அனுப்புபவர்கள் எல்லாரும் அலட்சியக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். பலருக்கு அது தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் நினைவுக்குறிப்பு போல. விஷயம் அவர்கள் தலைக்குள் முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இரண்டு வார்த்தையே அவர்களுக்கு ஒரு பத்தி போலத் தெரிகிறது. ஆனால் அந்த மீதிப் பத்தியை எழுதும் வேலை, பெரும்பாலும் சம்பளத்திலும் பதவியிலும் கீழே இருப்பவர் தலையில் விழுகிறது. யூகம் சரியாக இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. தப்பாக இருந்தால் 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்ற பேச்சும் அவருக்குத்தான்.

இதற்குப் பெரிய பயிற்சி வகுப்பு ஒன்றும் தேவையில்லை. சப்ஜெக்ட்டில் ஒரு வினைச்சொல் சேர்த்தால் போதும். 'கோவை இன்வாய்ஸ் அனுப்பிடு', 'கோவை இன்வாய்ஸ் நிறுத்து'. கூடுதலாக அடிக்க வேண்டியது ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தை வராதவரை, மேலே சொன்ன நான்கு வரிப் பதிலை டிராஃப்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.